பிழை பூஜ்யமானால் ஹீட்டர் எதைக் கேட்டு எரிகிறது?

"வணக்கம் சார். டிப்ளமோ மூன்றாம் ஆண்டு, ஈ.இ.இ. பின்னூட்டக் கட்டுப்பாட்டின் பிளாக் டயக்ராமை மனப்பாடமாக வரைந்துவிடுவேன், ஆனால் புரியவில்லை. வெளியீடு செட்பாயிண்ட்டை எட்டிவிட்டால் பிழை பூஜ்யம். அப்புறம் கன்ட்ரோலர் பிளான்ட்டுக்கு எதை அனுப்பும்? இன்னொன்று, சில படத்தில் சென்சாருக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, சிலதில் இல்லை. ஏன்?"

கன்ட்ரோலர் வெறும் பெருக்கல் மட்டும் செய்வதாக இருந்தால் நீங்கள் நினைப்பது சரி. பிழை பூஜ்யமானால் அது எதையும் அனுப்பாது. அதனாலேயே அந்த வகைக் கன்ட்ரோலரில் பிழை ஒருநாளும் பூஜ்யம் ஆகாது. செட்பாயிண்ட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். பிழை பூஜ்யமாகியும் ஹீட்டர் எரிய வேண்டுமானால், பழைய பிழையை நினைவில் வைத்திருக்கும் ஒரு பகுதி கன்ட்ரோலருக்குள் இருக்க வேண்டும். பதில் இவ்வளவுதான். ஆனால் இதை எண்களைப் போட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. பார்ப்போம்.

மோட்டார் ரீவைண்டிங் பட்டறைகளில் ஒரு ஓவன் இருக்கும். வார்னிஷில் முக்கியெடுத்த வைண்டிங்கை அதற்குள் வைத்துச் சூட்டில் காயவைப்பார்கள். சூடு போதவில்லை என்றால் வார்னிஷ் பிசுபிசுவென்று நிற்கும், ஏறிப்போனால் மொறுமொறுத்து வெடிக்கும். அப்படி ஒரு சின்ன ஓவனை எடுத்துக்கொள்வோம். கணக்கு சுலபமாக வரட்டும் என்று எண்களை நானே உருட்டிவைக்கிறேன். ஹீட்டர் 1000 வாட். வெளியே 30 டிகிரி. ஹீட்டரை முழுசாக எரியவிட்டு அப்படியே விட்டால் ஓவன் கடைசியில் 230 டிகிரியில் போய் நிற்கும். அதாவது ஒவ்வொரு சதவீத பவருக்கும் 2 டிகிரி ஏற்றம். நமக்கு வேண்டியது 120 டிகிரி.

படம் இது:

```
r --->(+)-- e -->[ C ]-- u -->[ P ]--+---> y
      (-)                            |
       ^                             |
       +-----------[ H ]<------------+
```

இதைப் படிக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கோட்டின் மேலும் அதன் அலகை எழுதுங்கள். r என்பது செட்பாயிண்ட், அதாவது நமக்கு வேண்டிய 120 டிகிரி. e என்பது பிழை, அதுவும் டிகிரிதான். C கன்ட்ரோலர், அது டிகிரியை வாங்கிக்கொண்டு சதவீதத்தைத் தருகிறது, ஆகவே u என்பது சதவீதம். P பிளான்ட், இங்கே நம் ஓவன், சதவீதத்தை வாங்கி டிகிரியைத் தருகிறது, அந்த டிகிரிதான் y. H சென்சார். பெட்டி என்றால் ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிற இடம், கோடு என்றால் ஓர் அளவு. மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான் என்பது என் அனுபவம். கோட்டைக் குழாய் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். y-யிலிருந்து கீழே இறங்கி H வழியாகத் திரும்பி வருவது சூடு இல்லை, "இப்போது இத்தனை டிகிரி" என்ற செய்தி மட்டும். ஹீட்டருக்கு வேண்டிய சக்தி ஈ.பி. லைனிலிருந்து வருகிறது; அது இந்தப் படத்திலேயே இல்லை. பிழை ஹீட்டரை எரிப்பதில்லை. எவ்வளவு எரியலாம் என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், படத்தில் உள்ள பெட்டியும் பட்டறையில் உள்ள பெட்டியும் ஒன்றல்ல. சுவரில் மாட்டியிருக்கும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரைத் திறந்தால், கழித்தல் செய்கிற அந்த வட்டம், C, சென்சார் சிக்னலைப் பெருக்குகிற பகுதி எல்லாம் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். அதே போல P என்ற ஒரே பெட்டிக்குள் ஹீட்டரை ஆன், ஆஃப் செய்கிற எஸ்.எஸ்.ஆர்., ஹீட்டர் காயில், உள்ளே சுற்றும் காற்று, ஓவன் சுவர், அதற்குள் வைத்த மோட்டார் எல்லாம் அடக்கம். u 45 சதவீதம் என்றால் ஹீட்டருக்குப் பாதி வோல்டேஜ் போகிறது என்று எண்ண வேண்டாம். 10 விநாடிச் சுற்றில் எஸ்.எஸ்.ஆர். 4.5 விநாடி ஆனில் இருக்கும், மீதி நேரம் ஆஃபில் இருக்கும். ஓவன் மெதுவாகச் சூடாகிற பொருள் என்பதால் அதற்கு இது சராசரியாக 450 வாட்டாகத்தான் தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். 120 டிகிரிக்கு வெளியிலிருந்து 90 டிகிரி ஏற்றம் வேண்டும். சதவீதத்துக்கு 2 டிகிரி என்றால் 45 சதவீதம் போதும். ஓவனை 120-இல் நிறுத்தி வைக்க ஹீட்டர் எந்நேரமும் 45 சதவீதம் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த எண்ணை மறக்காதீர்கள்.

இப்போது கன்ட்ரோலரில் வெறும் பெருக்கல். ஒரு டிகிரி பிழைக்கு 5 சதவீதம் என்று வைப்போம். கன்ட்ரோலர் மெனுவில் இதையே 20 டிகிரி புரொப்போர்ஷனல் பேண்ட் என்று போட்டிருப்பார்கள். ஸ்விட்சைப் போட்டதும் பிழை 90 டிகிரி. ஐந்தால் பெருக்கினால் 450 சதவீதம். அவ்வளவு கிடையாது, ஆகவே 100 சதவீதத்தில் எரியும். ஓவன் 100 டிகிரியைத் தாண்டும்போது பிழை 20-க்குக் கீழே வந்துவிடும், அங்கிருந்து பவர் குறையத் தொடங்கும். 110 டிகிரியில் பிழை 10, பவர் 50. இன்னும் ஏறும், ஏனென்றால் 110-இல் நிற்க 40 சதவீதமே போதும், நாம் 50 கொடுக்கிறோம். 115 டிகிரிக்குப் போகுமா? அங்கே பிழை 5, பவர் 25. ஆனால் 115-இல் நிற்க 42.5 சதவீதம் வேண்டும். போதாது, ஆகவே அங்கே நிற்க முடியாது. இரண்டுக்கும் இடையில் எங்கோ ஓர் இடத்தில், கொடுப்பதும் வேண்டியதும் சமமாகும். ஓவனின் சூட்டை T என்று வைத்தால்:

```
T = 30 + 2*u
u = 5*(120 - T)
```

தீர்த்தால் T = 111.8 டிகிரி, பிழை 8.2 டிகிரி, பவர் 40.9 சதவீதம். ஓவன் அங்கேயே உட்கார்ந்துவிடும். மணிக்கணக்கில் காத்திருந்தாலும் 120-க்கு வராது. கன்ட்ரோலர் ரிப்பேரா என்றால் இல்லை. இந்தக் கன்ட்ரோலருக்கு 40.9 சதவீதம் கொடுக்க வேண்டுமானால் கையில் 8.2 டிகிரி பிழை இருந்தே ஆக வேண்டும். பிழைதான் அதற்குத் தீனி. தீனி தீர்ந்தால் அது வேலை செய்யாது. இந்த மீதிப் பிழைக்கு ஆஃப்செட் என்று பெயர். நீங்கள் கேட்ட கேள்வியின் முதல் பாதிக்கு விடை இதுதான்.

கம்ப்யூட்டர் கையில் இருந்தால் பைதானில் நாலு வரி போட்டுப் பாருங்கள். ஓவன் சூடாக எடுக்கும் கால மாறிலி 20 நிமிடம், அதாவது 1200 விநாடி என்று வைத்திருக்கிறேன்:

```python
T = 30.0
for s in range(3600):
    e = 120 - T
    u = min(max(5*e, 0), 100)
    T += (30 + 2*u - T) / 1200
print(T, e, u)
```

ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் 111.8-தான் வரும்.

"ஆஃப்செட் வரும் என்றால் பின்னூட்டம் எதற்கு, நேராக 45 சதவீதத்தில் வைத்துவிட்டுப் போகலாமே" என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. நம்ம ஊர் வோல்டேஜ் அதற்குப் பதில் சொல்லிவிடும். மாலையில் 230 வோல்ட் 207-க்கு இறங்குகிறது என்று வையுங்கள், பத்து சதவீதம் குறைவு. ஹீட்டர் பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 81 சதவீதமாகிவிடும். பின்னூட்டம் இல்லாமல் 45-இல் வைத்த ஓவன் 120-இலிருந்து 102.9-க்கு விழும். 17 டிகிரி போச்சு. பின்னூட்டம் உள்ள ஓவனிலும் ஹீட்டர் பலவீனம் ஆகிறதுதான். ஆனால் சூடு லேசாக இறங்கியதும் பிழை கூடும், பிழை கூடியதும் பவர் ஏறும். புதிய சமநிலை 110.1 டிகிரி. 111.8-இலிருந்து 1.7 டிகிரி மட்டுமே இறக்கம். வோல்டேஜ் குறைந்தது கன்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது. அதை அளக்க ஒரு சென்சாரும் இல்லை. வந்த விளைவைப் பார்த்து ஈடுகட்டிவிட்டது. இழப்பு எந்த வழியாக வந்தாலும் சரி, கதவு லப்பர் தேய்ந்தாலும் சரி, மார்கழிக் குளிரானாலும் சரி, எல்லாம் கடைசியில் y-யில் வந்து தெரியும், y-யிலிருந்து e-க்கு வரும். இதற்காகத்தான் அந்தத் திரும்பி வரும் கோடு.

அப்படியென்றால் 5-க்குப் பதில் 20 வைத்தால் ஆஃப்செட் இன்னும் குறையுமே? குறையும், காகிதத்தில். கணக்கு 117.8 டிகிரி என்று சொல்லும், பிழை 2.2 மட்டுமே. ஓவனில் வைத்துப் பார்த்தால் ஊசல் மாதிரி ஆடும். காரணம் தாமதம். காயில் சூடாகி, காற்று சூடாகி, அந்தக் காற்று சுற்றி வந்து சென்சாரின் உறையைச் சூடாக்கி, திரையில் எண் மாறுவதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிடுகிறது என்று வையுங்கள். இப்போது எடுக்கும் முடிவு, ஒரு நிமிடத்துக்கு முந்தைய செய்தியை வைத்து எடுத்த முடிவு. பெருக்கல் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, பவர் மெதுவாகவே மாறும். பெருக்கல் பெரிதாக இருந்தால், சூடு செட்பாயிண்ட்டைத் தாண்டியது தெரிவதற்குள் நிறையச் சூட்டை உள்ளே தள்ளியிருப்போம். தெரிந்ததும் ஒரேயடியாக நிறுத்துவோம், அது தெரிவதற்குள் கீழே போயிருக்கும். இந்த ஓவனுக்கு ஒரு நிமிடத் தாமதம் என்றால் பெருக்கல் 16-ஐ ஒட்டிப் போகும்போதே ஆட்டம் அடங்காமல் நிலைத்துவிடும், ஏறக்குறைய நாலு நிமிடத்துக்கு ஒரு ஆட்டம் என்று. 20 வைத்தால் தாங்காது. குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திருப்பி, உடனே வரவில்லையே என்று இன்னும் திருப்பி, கடைசியில் கையைச் சுட்டுக்கொள்ளும் கதைதான்.

ஆகவே பெருக்கலை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது, ஆஃப்செட்டும் போக மாட்டேன் என்கிறது. பழைய காலத்தில் இதற்கு ஆபரேட்டர்தான் வழி. 111.8-இல் நிற்பதைப் பார்த்து, கன்ட்ரோலர் வெளியீட்டோடு கையால் ஒரு நிலையான அளவைக் கூட்டி வைப்பார். நம் ஓவனில் 45 சதவீதத்தைக் கூட்டி வைத்தால் பிழை பூஜ்யத்திலும் ஹீட்டருக்கு 45 கிடைக்கும். இதற்கு மேனுவல் ரீசெட் என்று பெயர். இன்றைய கன்ட்ரோலர் மெனுவில் கூட அந்தப் பெயரைப் பார்க்கலாம். வோல்டேஜ் மாறினால் ஆபரேட்டர் திரும்ப வந்து திருக வேண்டும், அதுதான் தொல்லை. அந்த வேலையைத் தானாகச் செய்யும்படி வைத்ததுதான் இன்டெக்ரல்.

இன்டெக்ரல் ஓர் உண்டியல். பிழை இருக்கும் வரை ஒவ்வொரு விநாடியும் அந்தப் பிழைக்குத் தக்கபடி அதில் காசு விழும். பிழை எதிர்மறையானால் காசு வெளியே எடுக்கப்படும். பிழை பூஜ்யமானால் போடுவதும் இல்லை, எடுப்பதும் இல்லை, உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஹீட்டருக்குப் போகிற பவர் இந்த உண்டியலில் இருக்கும் தொகையும், இப்போதைய பிழையின் ஐந்து மடங்கும் சேர்ந்தது. இன்டெக்ரல் நேரத்தை 10 நிமிடம் என்று வைத்தால், ஒரு டிகிரி பிழை ஒரு நிமிடம் நின்றால் உண்டியலில் 0.5 சதவீதம் சேரும். 111.8-இல் நின்ற ஓவனை நினைத்துக்கொள்ளுங்கள். பிழை 8.2, நிமிடத்துக்கு 4 சதவீதம் போல உண்டியலில் ஏறத் தொடங்கும். பவர் கூடும், சூடு ஏறும், பிழை சுருங்கும், சேர்வதும் மெதுவாகும். கடைசியில் உண்டியலில் சரியாக 45 சதவீதம் சேர்ந்ததும் ஓவன் 120-இல் நிற்கும். பிழை பூஜ்யம், பெருக்கல் பகுதி பூஜ்யம், ஆனால் u மட்டும் 45. நீங்கள் கேட்ட "எதை அனுப்பும்" என்பதற்கு மறுபாதி விடை இது. ஏற்கனவே நேர்ந்த பிழைகளின் கூட்டுத்தொகையை அனுப்பும்.

இந்த 45-ஐ யாரும் கன்ட்ரோலருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வோல்டேஜ் 207-க்கு இறங்கினால் வேண்டியது 55.6 சதவீதம். சூடு சற்று இறங்கும், பிழை தலைகாட்டும், உண்டியலில் இன்னும் 10.6 சேரும் வரை இருக்கும், பிறகு மறைந்துவிடும். பிழை நிரந்தரமாக இருக்கத் தேவையில்லை, மாற்றம் வரும்போது மட்டும் வந்துபோனால் போதும்.

உண்டியலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காலையில் குளிர்ந்த ஓவனைப் போடும்போது ஹீட்டர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் கொடுக்க வழி இல்லை. ஆனால் பிழை பெரிதாக இருப்பதால் உண்டியல் மட்டும் நிரம்பிக்கொண்டே போகிறது. இந்த ஓவன் முழு பவரில் 30-இலிருந்து 120-க்கு வர 12 நிமிடம் ஆகும். அந்த 12 நிமிடத்தில் உண்டியலில் சேர்வது 242 சதவீதம். வேண்டியது 45, இருப்பது 242! சூடு 120-ஐத் தொட்டு பிழை பூஜ்யமான அந்தக் கணத்திலும் ஹீட்டர் முழுசாக எரிந்துகொண்டிருக்கும். தாண்டிப்போய், பிழை எதிர்மறையாகி, உண்டியலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த பிறகுதான் பவர் குறையும். தாமதமே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கிலேயே ஓவன் ஏறக்குறைய 147 டிகிரி வரை போய்த் திரும்புகிறது. தாமதத்தோடு இன்னும் மோசம். இதை வைண்டப் என்பார்கள். வழி எளிது: வெளியீடு 100-இல் முட்டிக்கொண்டிருக்கும்போது உண்டியலில் போடுவதை நிறுத்திவிட வேண்டும். நல்ல கன்ட்ரோலர்கள் தாமாகவே இதைச் செய்கின்றன. பெருக்கல், இன்டெக்ரல், டெரிவேட்டிவ் மூன்றும் சேர்ந்த பி.ஐ.டி.யை நீங்களே மைக்ரோகன்ட்ரோலரில் எழுதினால் அந்த ஒரு நிபந்தனையை நீங்கள்தான் எழுத வேண்டும், புராஜெக்ட் செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான். காலையில் முதல் தடவை மட்டும் தாண்டிப்போகிறது, அப்புறம் நாள் முழுக்க ஒழுங்காக நிற்கிறது என்றால் வைண்டப்பைச் சந்தேகப்படுங்கள்.

டெரிவேட்டிவ் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை, உங்கள் கேள்விக்கு அது தேவைப்படாது.

இனி சென்சார் பெட்டி. வார்னிஷ் ஓவனில் இருப்பது பெரும்பாலும் கே டைப் தெர்மோகப்பிள். அது தருவது டிகிரி கிடையாது, மிகச் சின்ன வோல்டேஜ். டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் அளவில். 120 டிகிரியில் 4.92 மில்லிவோல்ட். கறாராக வரைந்தால் H பெட்டிக்குள் அந்த 41 மைக்ரோவோல்ட் எண்ணை எழுத வேண்டும், வட்டத்துக்கு வருவது மில்லிவோல்ட், ஆகவே r-ஐயும் மில்லிவோல்ட்டாக மாற்றித்தான் கழிக்க முடியும். ஆனால் கன்ட்ரோலர் அந்த மில்லிவோல்ட்டை உள்ளேயே திரும்ப டிகிரி ஆக்கிவிடுகிறது. சென்சாரும் அந்த மாற்றமும் சேர்ந்து, டிகிரி உள்ளே போய் டிகிரியாகவே வெளியே வருகிறது. H = 1. ஒன்றால் பெருக்குகிற பெட்டியை எதற்கு வரைவானேன் என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் புத்தகத்தில் சில படங்களில் அந்தப் பெட்டி காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

தேர்வில் அது பரவாயில்லை. பட்டறையில், அந்தப் பெட்டி இல்லாதது போல நடந்துகொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். வட்டம் கழிப்பது உண்மையான y-ஐ அல்ல, H சொல்லும் y-ஐ. ஓவன் முழு பவரில் 100 டிகிரியைக் கடக்கும்போது நிமிடத்துக்கு 6.5 டிகிரி ஏறுகிறது. சென்சார் உறை ஒரு நிமிடம் பின்தங்கினால், திரை உண்மையைவிட 6.5 டிகிரி குறைவாகவே காட்டும். அது ஏறி நின்ற பிறகு சரியாகிவிடும். சரியாகாத தவறு வேறு: தெர்மோகப்பிள் பழசாகி எப்போதும் 5 டிகிரி குறைத்துச் சொல்கிறது என்றால், இன்டெக்ரல் கடமை தவறாமல் திரையில் 120.0 கொண்டுவந்து நிறுத்தும். உள்ளே 125 இருக்கும். P-யில் வரும் கோளாறுகளை லூப் ஈடுகட்டும், H-இல் வரும் கோளாறை அப்படியே வெளியீட்டுக்குக் கடத்திவிடும். பெருக்கலைக் கூட்டினாலும் இன்டெக்ரலைக் கூட்டினாலும் அந்த 5 டிகிரி போகாது. திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. தனியாக ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மற்ற கோளாறுகளைத் திரையிலேயே கண்டுபிடித்துவிடலாம். கன்ட்ரோலரில் PV, SV இரண்டு எண்களோடு வெளியீட்டுச் சதவீதத்தையும் பார்க்க ஒரு வழி இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். PV என்பது H சொல்வது, SV என்பது r, சதவீதம் என்பது u. சதவீதம் 100, ஆனால் PV ஏறவே இல்லை என்றால், C தன் வேலையைச் செய்கிறது, P-க்குள் எங்கோ அறுந்திருக்கிறது: ஃபியூஸ், எஸ்.எஸ்.ஆர்., காயில். சதவீதம் 0, PV ஏறிக்கொண்டே போகிறது என்றால் எஸ்.எஸ்.ஆர். ஷார்ட் ஆகி ஒட்டிக்கொண்டது. அது கெட்டுப்போகும்போது பெரும்பாலும் ஆனிலேயே மாட்டிக்கொள்ளும். PV-யும் சதவீதமும் சீராக ஏறி இறங்கி ஆடினால் பெருக்கலைக் குறையுங்கள். மூன்று எண்களையும் படத்தில் அதனதன் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால் எந்தப் பெட்டி என்று தானே தெரியும். அதற்காகவாவது படத்தை மனப்பாடமாக வரைய முடிவது நல்லதுதான்.

கடைசியாக வட்டத்தில் இருக்கும் அந்தக் கழித்தல் குறி. நான் வேலைக்குப் போன புதிதில் ஒரு பட்டறையில் தெர்மோகப்பிளை மாற்றினார்கள். பழையதில் பச்சை, வெள்ளை ஒயர்கள், பச்சைதான் பிளஸ். புதிதாக வந்ததில் மஞ்சளும் சிவப்பும். சிவப்பு என்றால் பிளஸ் என்று மாற்றியவர் மாட்டிவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் மாட்டியிருப்பார். ஆனால் அமெரிக்க முறை தெர்மோகப்பிள் ஒயரில் சிவப்பு எப்போதும் மைனஸ். ஸ்விட்சைப் போட்டோம். திரையில் 30. பிறகு 25, பிறகு 20, கீழே போய்க்கொண்டே இருந்தது. ஓவன் சூடாக ஆக திரை குளிர்ந்தது. ஒயர் தலைகீழானதால் தெர்மோகப்பிள் தரும் ஏற்றம் இறக்கமாகப் பதிவானது. 30-க்கு மேல் எத்தனை டிகிரி ஏறினாலும் 30-க்குக் கீழே அத்தனை டிகிரி என்று காட்டும். இதைப் படத்தில் வைத்துப் பாருங்கள்: வட்டம் கழிக்க வேண்டியது T-ஐ. கழித்தது 60 − T-ஐ. ஆகவே

```
e = 120 - (60 - T) = 60 + T
```

சூடு கூடக் கூடப் பிழை கூடுகிறது. கழித்தல் குறி ஒரு ஒயர் மாற்றத்தில் கூட்டல் குறியாகிவிட்டது. ஹீட்டர் 100 சதவீதத்திலிருந்து இறங்க ஒரு காரணமும் கிடையாது. தனியாக ஒரு மிகைச்சூட்டு கட்-அவுட் இல்லாத ஓவனாக இருந்தால் நேராக 230-க்குப் போயிருக்கும். "ரூமே இவ்வளவு கூல் கிடையாதே" என்று ஒருவர் திரையைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஹீட்டர் போயிருக்கும் என்று ஃபியூஸைத் தேடினார். எண் மைனஸ் 20-ஐத் தொட்டபோது வார்னிஷ் வாடை வந்தது. கதவுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோன பிறகுதான் மெயினை இறக்கினோம்.